குழாய் உருகாத குளியலறைப் படம்

எழுத்தில் சொன்னதைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சின்னக் குளியலறை ஒன்றைக் கேட்டால், முதல் பார்வைக்கு அசத்தலான படம் வந்துவிடுகிறது. ஈரம் மின்னும் டைல்ஸ், ஷவரை மறைக்கும் கண்ணாடித் தடுப்பு, லேசாகப் பரவிய நீராவி என எல்லாமே இருக்கும். படத்தைப் பெரிதாக்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. குழாயின் மூக்கு பாதியிலேயே சுவருக்குள் போய்விடுகிறது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெயிலில் வைத்த வெண்ணெய் போல ஒரு வெள்ளித் திட்டு வழிகிறது. ஷவரின் தண்டு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வாஷ்பேசினின் விளிம்பு ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கோளாறுக்கு வார்த்தைகளில் மருந்து தேடுவதுதான் பலரும் செய்வது. ‘உருகாத குழாய்’, ‘கோணாத வாஷ்பேசின்’, ‘மிகத் தெளிவாக’, ‘மிக உயர்ந்த தரத்தில்’ என்று ப்ராம்ப்டை நீட்டிக்கொண்டே போவார்கள். பயன் அதிகம் இருக்காது. குழாய் உருகுவதற்கு முதல் காரணம் சொல்லில் இல்லை. படத்தில் அந்தக் குழாய்க்குக் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. அந்தச் சிறிய இடத்தின் மேலேயே கண்ணாடியும் ஈரமும் ஆவியும் வந்து உட்காரும்போது, இருக்கும் கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விடுகிறது. ஆகவே குளியலறைக்கு ப்ராம்ப்ட் எழுதுவது என்பது பெரும்பாலும் இட ஒதுக்கீட்டு வேலை.

இதைப் புரிந்துகொள்ள, படம் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் பொதுமக்கள் கைக்கு வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனும், அதன் பெரிய வாரிசாக 2023 ஜூலையில் வந்த எஸ்டிஎக்ஸ்எல்லும், படத்தை நேரடியாகப் பிக்செல் பிக்செலாக வரைவதில்லை. முதலில் ஒரு சுருக்க வடிவத்தில் வேலை செய்கின்றன. அந்தச் சுருக்கத்தில், நீளத்தில் 8 பிக்செலும் அகலத்தில் 8 பிக்செலும் கொண்ட ஒவ்வொரு சதுரமும் ஒரே ஒரு கட்டமாகிவிடும். 1024க்கு 1024 அளவுள்ள படம் உள்ளே வெறும் 128க்கு 128 கட்டங்கள்தான். வெறும் இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அந்த இரைச்சலை நீக்கி, கட்டங்களில் உருவத்தைக் கொண்டுவந்த பிறகே கருவி அதை முழுப் படமாக விரிக்கிறது. ஒரு பொருள் நிறையக் கட்டங்களில் பரவியிருந்தால் அதன் உருவத்தைத் தீர்மானிக்கக் கருவிக்கு வாய்ப்பு உண்டு. ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டால் அங்கே ஊகம்தான் வேலை செய்யும்.

ஐந்தடி அகலம், ஏழடி நீளம் கொண்ட அறையை எடுத்துக்கொள்ளலாம், மீட்டரில் 1.5க்கு 2.1. அடுக்குமாடி வீடுகளில் அதிகம் காணப்படும் அளவு இது. நின்ற வாக்கில், 896க்கு 1152 பிக்செல் அளவில் படம் கேட்கிறோம் என்றும், எதிர்ச்சுவர் படத்தில் சுமார் 600 பிக்செல் அகலம் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்தச் சுவரில் ஒரு பிக்செல் என்பது 2.5 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் உயரக் குழாய்க்கு 60 பிக்செல் கிடைக்கும். அதன் மூக்கின் தடிமன் 25 மில்லிமீட்டர் என்றால் 10 பிக்செல். உள்ளே வேலை நடக்கும் சுருக்க வடிவத்தில் அது ஒரு கட்டத்தைவிடச் சற்றே அதிகம். ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு வளைவு, விளிம்பு, பளபளப்பு, நிழல் நான்கையும் காட்ட முடியாது. குழாய் உருகுவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கிலிருந்தே முதல் முடிவு பிறக்கிறது. குழாய் எதிர்ச்சுவரில் இருக்கக் கூடாது. கேமராவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 1.5 மீட்டர் அகலமுள்ள எதிர்ச்சுவர் 600 பிக்செலில் தெரிய, முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸுடன் நின்ற வாக்கில் பார்க்கும் கேமரா அந்தச் சுவரிலிருந்து ஏறத்தாழ 3.3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அறையின் நீளமே 2.1 மீட்டர்தான். அதாவது கேமரா வாசலுக்கு வெளியே ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் நிற்கிறது. நிஜப் புகைப்படக்காரருக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. நடுவில் சுவரோ நடைபாதையோ குறுக்கிடும். அதனால்தான் குளியலறைகளை அகலக்கோண லென்ஸில் எடுக்கிறார்கள். வீடு விற்பனை விளம்பரங்களில் வரும் குளியலறைப் படங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அகலக்கோணத்தில் ஓரத்தில் இருக்கும் வட்டம் முட்டை வடிவமாக இழுபடும், கமோட் நீளும், சுவர்கள் விரியும். அத்தகைய படங்களைப் பார்த்துப் பழகிய கருவி, ‘குளியலறை’ என்றதும் தானாகவே அந்தக் கோணத்துக்கு ஓடுகிறது. கோணல் வாஷ்பேசினில் பாதி குற்றம் இந்தப் பழக்கத்தின் மேல்தான்.

கருவிக்குச் சுவர் தடையில்லை. கேமராவை வாசலுக்கு வெளியே நிறுத்தி, நேர்முகமாக ஒரு சுவரைப் பார்க்கச் சொல்லலாம். லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணைக் கருவி அளவுகோல் வைத்துப் பின்பற்றாது. ஆனால் 35 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் படங்களின் சாயலுக்கு நகரும். அதுவே போதும். ‘விசாலமான’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. சிறிய அறை என்பதைச் சொல்ல, ஒன்றுக்கொன்று நெருக்கமாக நிற்கும் பொருள்களே பயன்படும்.

அடுத்து, எதை எங்கே வைப்பது. அறையின் கடைக்கோடி 90 சென்டிமீட்டர் ஷவர் பகுதி. அதன் முன்னால், இடதுபக்கச் சுவரிலிருந்து பாதி அகலத்துக்கு ஒரு நிலையான கண்ணாடித் தடுப்பு. மீதிப் பாதி உள்ளே போகும் வழி. தடுப்புக்கு இந்தப் பக்கம், வலதுபக்கச் சுவரில் சிறிய வாஷ்பேசின். கமோட் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருப்பதாக விட்டுவிடலாம். படத்தில் வராத பொருள் கோணாது. இந்த அமைப்பில் வாஷ்பேசின் எதிர்ச்சுவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். மூக்கின் தடிமன் 10 பிக்செலிலிருந்து 15 ஆகிறது. இரண்டு கட்டங்கள் கிடைக்கின்றன. போதாதுதான், ஆனால் பின்னால் சரிசெய்ய ஒரு அடையாளமாவது மிஞ்சும்.

குழாயின் வகையிலும் தேர்வு இருக்கிறது. குரோம் பூசிய குழாய் தனக்கென்று நிறமில்லாத பொருள். சுற்றி இருப்பதைப் பிரதிபலித்துத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை டைல்ஸின் முன் குரோம் குழாயை நெருங்கிப் பார்த்தால் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக மாறி மாறி ஓடும் கோடுகளைத்தான் காணலாம். எது பொருளின் விளிம்பு, எது பிரதிபலிப்பு என்று பிரிக்க இரண்டு கட்டங்களில் வழியில்லை. மங்கல் கறுப்புக் குழாய்க்கு அந்தச் சிக்கல் கிடையாது. வெளிர் டைல்ஸுக்கு எதிரே அதன் நிழலுருவம் மட்டுமே பாதி வேலையைச் செய்துவிடும். அதேபோல, சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனிக் கைப்பிடி வைத்த பழைய பாணிக் குழாயைவிட ஒற்றை லிவர் மிக்சர் பாதுகாப்பானது. கைப்பிடி இரண்டானால் ஒன்று பெரிதாகவும் மற்றது அரைகுறையாகவும் வர வாய்ப்பு அதிகம். கைஷவரும் அதன் சுருள்பின்னல் ஹோஸும் இருக்கவே கூடாது. மெல்லியதாக, வளைந்து, பளபளத்து, கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் அந்த ஹோஸ் ஒன்றே மொத்தப் படத்தையும் கெடுத்துவிடும்.

டைல்ஸ் விஷயத்திலும் இதே அளவுக் கணக்கு வருகிறது. 300க்கு 600 மில்லிமீட்டர் டைல்ஸ் எதிர்ச்சுவரில் 120க்கு 240 பிக்செல் பிடிக்கும். சுவரில் கோடுகள் குறைவு, அவை நேராக வருவதைச் சரிபார்ப்பதும் எளிது. 25 மில்லிமீட்டர் மொசைக் என்றால் ஒவ்வொரு சதுரமும் 10 பிக்செல். சுவர் முழுக்க ஒரே அளவில் வர வேண்டிய கட்டங்கள் ஓரிடத்தில் நசுங்கி, ஓரிடத்தில் விரிந்து, வளைந்து போகும். மொசைக் கண்டிப்பாக வேண்டும் என்றால் கேமராவுக்கு அருகே உள்ள தரைத் துண்டில் மட்டும் வைப்பது புத்திசாலித்தனம்.

கண்ணாடித் தடுப்பு வேறு வகைத் தொல்லை. கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது; அதன் விளிம்பு, சட்டம், அதன் மேல் விழும் ஒளி, ஒட்டியிருக்கும் நீர்த்துளி ஆகியவைதான் கண்ணாடி இருப்பதைச் சொல்கின்றன. சட்டமே இல்லாத கண்ணாடிக் கதவைக் கேட்டால், கருவி அதைக் காட்ட வழியின்றி அந்தரத்தில் ஒரு கைப்பிடியும், சுவரில் சேராத இரண்டு கீல்களும், எங்கோ தொடங்கி எங்கோ முடியும் ஒரு பச்சைக் கோடும் போட்டுவிடுகிறது. மெல்லிய கறுப்புச் சட்டம் வைத்த, கதவில்லாத ஒற்றைப் பலகை என்று சொன்னால் கருவிக்குப் பிடிமானம் கிடைக்கிறது. நான்கு நேர்க்கோடுகள், அவை தரையையும் சுவரையும் தொடுகின்றனவா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இன்னொரு விதி: கண்ணாடிக்குப் பின்னால் வெறும் டைல்ஸ் மட்டுமே இருக்க வேண்டும். ஷவர் தலை கூரையிலிருந்து இறங்கட்டும். தடுப்பின் உயரம் இரண்டு மீட்டருக்குள்தான் வழக்கமாக இருக்கும். கூரை ஷவர் அதற்கு மேலே தெளிவாகத் தெரியும். கண்ணாடி வழியாகத் தெரிய வேண்டிய குழாயைத்தான் கருவி இரண்டாகப் பிளக்கிறது.

ஈரத்தை எழுதுவதில் அளவு தவறினால் குளியலறை நீச்சல் குளமாகிவிடும். ‘ஈரமான தரை’ என்று அழுத்திச் சொன்னால் கருவி தரை முழுக்கத் தண்ணீரைத் தேக்கி, அதில் தலைகீழாக இன்னொரு குளியலறையைப் பிரதிபலிக்க வைக்கும். அந்தப் பிரதிபலிப்பிலும் ஒரு குழாய் இருக்கும். அது மேலே இருக்கும் குழாயோடு பொருந்தாது. நிஜத்தில் குளித்து முடித்த அறை அப்படி இருப்பதில்லை. மெருகிட்ட டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது; அதன் நிறம் மாறாமல் துளிகளும் வழிந்த தடங்களும் மட்டுமே நிற்கும். டைல்ஸுக்கு இடையே பூசிய கிரவுட் ஈரத்தை இழுத்துக் கறுத்துப்போகும். ஷவர் பகுதித் தரை ஈரமாகவும், வாஷ்பேசினுக்குக் கீழே காய்ந்தும் இருக்கும். ஆகவே ‘ஈரம்’ என்பதை ஷவர் தரைக்கும், ‘துளிகள்’ என்பதைக் கண்ணாடிக்கும் என்று இடம் பிரித்துக் கொடுப்பதே சரி.

நீராவிதான் எல்லாவற்றிலும் தந்திரமானது. ‘ஆவி நிறைந்த’, ‘மூடுபனி போன்ற’ என்ற சொற்கள் படத்தின் ஒரு மூலையில் நிற்காது. மொத்தப் படத்தின் மேலும் பரவும். கருவி இரைச்சலை நீக்கும்போது முதல் சில படிகளில் பெரிய உருவங்களும் வெளிச்சம் இருட்டும் நிலைபெறுகின்றன. நுண்ணிய விளிம்புகள் பிறகே வருகின்றன. முதல் படிகளிலேயே எல்லாம் மங்கலான வெண்மை என்று முடிவாகிவிட்டால், பின்னால் வரும் படிகளுக்குக் குழாயின் விளிம்பைப் பிரித்தெடுக்கத் துப்பு கிடைப்பதில்லை. ஆவி மூடியிருக்கும் இடத்தில் மங்கலாக வரைவது சரியான விடையும்கூட என்பதால், கருவி பாடுபட்டு விளிம்பைத் தேடவும் செய்யாது.

எனவே ஆவிக்கு ஒரு வீடு கொடுக்க வேண்டும்: கண்ணாடிக்குப் பின்னால், வெறும் டைல்ஸ் இருக்கும் பகுதி. அங்கே மங்கினாலும் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆவி கண்ணுக்குத் தெரிய ஒளியின் திசையும் முக்கியம். கண்ணில் படும் ‘ஆவி’ என்பது உண்மையில் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒளி பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்து, பின்புலம் சற்று இருண்டிருந்தால்தான் அது நன்றாகத் தெரியும். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தால் போதும். ஆவியைப் பற்றி ஒரு சொல்லுக்கு மேல் தேவைப்படாது. வாஷ்பேசினுக்கு மேலே நிலைக்கண்ணாடி வேண்டும் என்பவர்கள் அதை ஆவி படிந்த கண்ணாடியாகக் கேட்பது இரட்டை லாபம். வெந்நீர்க் குளியல் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கூடவே, பொருந்தாத பிரதிபலிப்பை அது மறைத்தும் விடுகிறது.

இவ்வளவையும் சேர்த்தால் எஸ்டிஎக்ஸ்எல்லுக்கான ப்ராம்ப்ட் இப்படி அமையும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கில விவரணைகளோடு பழகியவை என்பதால் ஆங்கிலத்தில் தட்டுவதே வழக்கம்.

```
straight-on photo of a small bathroom, 35mm lens,
large pale grey wall tiles,
black-framed glass shower panel at back left,
round black ceiling shower head,
small white basin on the right wall,
matte black single-lever mixer tap,
damp shower floor, droplets on glass,
thin steam behind the glass, light from a high window
```

முதல் வரி கேமராவை நிறுத்துகிறது. நடு வரிகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு இடம் தருகின்றன. ஈரமும் ஆவியும் கடைசியில்தான் வருகின்றன. இந்த வரிசை அலங்காரத்துக்கு அல்ல. எஸ்டிஎக்ஸ்எல் சொற்களைப் படிக்கப் பயன்படுத்தும் கிளிப் என்னும் பகுதி ஒரு மூச்சில் 77 சொல்துண்டுகளைத்தான் ஏற்கும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று போக மிச்சம் 75. அதைத் தாண்டினால் சில மென்பொருள்கள் வெட்டிவிடும், சில அடுத்த துண்டாகப் பிரித்துக் கொடுக்கும். மேலே உள்ளது அந்த எல்லைக்குள் அடங்கும்படி சுருக்கப்பட்டது. முன்னால் வரும் சொற்களுக்கு எடை சற்றுக் கூடுதல் என்பதும் அனுபவத்தில் தெரிவது. ‘ஆவி’ என்று தொடங்கும் ப்ராம்ப்ட் ஆவியைத்தான் வரையும்.

இங்கே ‘குழாய் உருகாமல்’ என்ற வேண்டுகோள் எங்குமே இல்லை என்பதைக் கவனிக்கலாம். கிளிப் போன்ற பகுதிகள் ‘இல்லாமல்’, ‘கூடாது’ என்ற எதிர்மறையைச் சரியாகப் பிடிப்பதில்லை. ‘melted’ என்ற சொல் உள்ளே போனால் உருகிய தன்மையும் கூடவே போகும். வேண்டாததைச் சொல்ல எதிர்மறை ப்ராம்ப்ட் என்று தனிப் பெட்டி உண்டு. ஒவ்வொரு படியிலும் கருவி வேண்டியதை நோக்கி ஒரு கணிப்பும் வேண்டாததை நோக்கி ஒரு கணிப்பும் செய்து, இரண்டாவதிலிருந்து விலகி முதலாவதன் பக்கம் நகர்கிறது. அந்தப் பெட்டியிலும் ‘உருகிய குழாய்’ என்று எழுதுவதால் பெரிய பலன் இல்லை. உருகிய குழாயின் படத்தை எடுத்து, அதன் கீழே ‘உருகிய குழாய்’ என்று யாரும் எழுதி வைத்ததில்லை. கருவிக்கு அப்படி ஒரு பொருளைத் தெரியாது, தெரியாததிலிருந்து விலகவும் முடியாது. தெரிந்த பொருள்களைச் சொன்னால் விலகும்.

```
fisheye, wide angle, shower hose, extra faucet,
door handle, towels, bottles, text
```

துண்டும் ஷாம்பு பாட்டிலும் இதில் இருப்பதற்குக் காரணம், அவை கேட்காமலே வந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவை.

ப்ராம்ப்டை எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் `CFG Scale` 5 முதல் 7 வரை இருந்தால் போதும். கறாராக இருந்தால் குழாய் ஒழுங்காக வரும் என்று நினைத்து 12, 15 என்று ஏற்றுபவர்கள் உண்டு. நிறம் கருகி, உலோகத்தின் விளிம்புகள் முரட்டுத்தனமாக உறைந்துபோவதுதான் கிடைக்கும். அதற்குப் பதில் எண்ணை அப்படியே வைத்து, வேறு வேறு `Seed` எண்களில் எட்டு படங்கள் எடுப்பது மேல். அவற்றில் தேர்ந்தெடுக்க வேண்டியது அழகான ஆவி உள்ள படத்தை அல்ல. சட்டம் தரையைத் தொடும், செங்குத்துக் கோடுகள் செங்குத்தாக நிற்கும், வாஷ்பேசின் சுவரோடு ஒழுங்காகச் சேரும் படத்தை. குழாய் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை, அதைத் திருத்தலாம். அறையின் எலும்புக்கூடு கோணினால் திருத்துவதைவிட இன்னொரு படம் எடுப்பது சுலபம்.

தேர்ந்த படத்தை முழு அளவில் வைத்துப் பார்க்கும்போது சில இடங்களைக் குறிவைத்துப் பார்க்க வேண்டும். டைல்ஸ் கோடு கண்ணாடிக்கு வெளியே தொடங்கி, சட்டத்தைக் கடந்து, உள்ளே அதே உயரத்தில் தொடர்கிறதா? உள்ளே அரை டைல்ஸ் ஏறியோ இறங்கியோ இருந்தால், கருவி கண்ணாடியைக் கண்ணாடியாக நினைக்கவில்லை, தனிப் படமாக நினைத்திருக்கிறது என்று பொருள். குழாயின் மூக்கு முனை வாஷ்பேசினின் குழிக்கு நேர் மேலே இருக்கிறதா, அல்லது தண்ணீர் விளிம்பில் விழுமா? குழாயின் அடி, பேசினில் அல்லது சுவரில் ஏதோ ஒன்றில் பதிந்திருக்கிறதா? ஷவர் தலைக்கு நேர் கீழேதான் தரை ஈரமாக இருக்கிறதா? கூரையிலிருந்து இறங்கும் தண்டு செங்குத்தாக இருக்கிறதா? குழாய் வேலை தெரிந்த ஒருவர் அரை நிமிடத்தில் பிடித்துவிடும் தவறுகள் இவை. அழகை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இவை படுவதில்லை.

குழாயைத் திருத்தும் முறைக்கு இன்பெயின்டிங் என்று பெயர். கோணிய பகுதியின் மேல் தூரிகையால் பூசி, அந்த இடத்தை மட்டும் மறுபடி வரையச் சொல்வது. இதில் ஒரு அமைப்பு அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. ஆட்டோமேட்டிக்1111 போன்ற மென்பொருள்களில் `Inpaint area` என்ற இடத்தில் `Whole picture`, `Only masked` என்று இரண்டு தேர்வு இருக்கும். முதலாவதைத் தேர்ந்தால் குழாய்க்குப் பழைய இரண்டு கட்டங்களே மறுபடி கிடைக்கும், மறுபடியும் உருகும். இரண்டாவதைத் தேர்ந்தால், கருவி அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, முழுப் படத்தின் அளவில் வரைந்து, பிறகு சுருக்கிப் பழைய இடத்தில் ஒட்டுகிறது. குழாயைச் சுற்றி 256 பிக்செல் சதுரம் 1024 ஆக விரிந்தால் நான்கு மடங்கு பெருக்கம். 15 பிக்செலாக இருந்த மூக்கு இப்போது 60. இரண்டு கட்டங்கள் ஏழரை கட்டங்களாகின்றன. உருகிய குழாய் இங்கேதான் உறுதியாகக் கெட்டிப்படுகிறது. ப்ராம்ப்டில் எத்தனை சொல் சேர்த்தாலும் கிடைக்காத வித்தியாசம் இது.

இந்தத் திருத்தத்துக்கு ப்ராம்ப்டையும் மாற்ற வேண்டும். பழைய ப்ராம்ப்டே இருந்தால் கருவி அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஒரு முழுக் குளியலறையை நுழைக்கப் பார்க்கும். குழாய் இருந்த இடத்தில் பொம்மை அளவு ஷவர் அறை முளைப்பது இப்படித்தான்.

```
close-up of a matte black single-lever mixer tap
on a white basin, pale grey tiles behind
```

எவ்வளவு மாற்றலாம் என்பதைச் சொல்லும் `Denoising strength` 0.45 முதல் 0.6 வரை வைத்தால், பழைய குழாயின் நிலையும் சாய்வும் ஓரளவு காக்கப்பட்டு உருவம் மட்டும் சீராகும். 0.3க்குக் கீழே போனால் உருகல் அப்படியே தங்கும், பளபளப்பு மட்டும் கூடும். 0.75க்கு மேல் போனால் அழகான புதுக் குழாய் வரும், ஆனால் வேறு கோணத்திலிருந்து பார்த்தது போல நிற்கும். பூசும்போது குழாயின் விளிம்போடு நிறுத்தாமல் அதன் நிழலையும், பேசினில் அது பதியும் இடத்தையும் சேர்த்துப் பூச வேண்டும். சுற்றியுள்ள டைல்ஸும் கொஞ்சம் தெரிந்தால்தான் கருவிக்கு ஒளியின் திசை புரியும் என்பதால் `Only masked padding, pixels` என்பதை முன்னிருப்பான 32இலிருந்து 64க்கோ 96க்கோ ஏற்றுவது உதவும்; அதிகம் ஏற்றினால் வெட்டும் சதுரம் பெரிதாகி, பெருக்கத்தின் லாபம் கரையும். ஷவர் தலைக்கும் இதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே பூச்சில் சேர்த்தால் வெட்டும் சதுரம் இரண்டையும் அணைக்க விரிந்து, பழைய நிலைக்கே வந்துவிடும்.

அறையின் கோடுகளே அடங்காமல் திமிறினால், சொல்லை விட்டு வடிவத்தைக் கொடுப்பது நல்லது. 2023 தொடக்கத்தில் வெளிவந்த கன்ட்ரோல்நெட் இதற்கானது. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் வெறும் பெட்டிகளால் அறையைக் கட்டி, எது அருகில் எது தூரத்தில் என்பதைச் சாம்பல் நிறத்தில் காட்டும் ஆழப்படம் ஒன்றைக் கொடுத்தால், கருவி அந்த அமைப்புக்குள் நின்று வரையும். நேர்க்கோடுகளை மட்டும் பிரித்தெடுக்கும் எம்எல்எஸ்டி என்ற வகை சுவர், சட்டம், டைல்ஸுக்குப் பொருத்தம். வளைந்த குழாயை அது பார்க்காது. இதன் பிடியை முழுதாக இறுக்காமல் 0.7 அளவில் வைத்து, கடைசிப் படிகளில் விட்டுவிட்டால் துளியும் ஒளியும் இயல்பாக வரும். இப்படிச் செய்தாலும் வந்த படம் வரைபடமாகிவிடாது. அதில் தெரியும் மிக்சர் எந்தக் கடையிலும் கிடைக்காத வடிவமாக இருக்கலாம். சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று அதைக் கேட்க முடியாது.

ஆவியைக் கடைசியில் சேர்ப்பவர்களும் உண்டு. ஆவியே இல்லாத உலர்ந்த, தெளிவான படத்தில் குழாய்களைத் திருத்திவிட்டு, பிறகு கண்ணாடிப் பகுதியை மட்டும் பூசி, குறைந்த `Denoising strength` வைத்து மெல்லிய ஆவி கேட்பார்கள். அல்லது படத் திருத்த மென்பொருளில் ஆவியைத் தனி அடுக்காக வைத்து, குழாய்க்கு மேலே வரும் பகுதியை அழித்துவிடுவார்கள். ஆவியின் அளவைப் பிறகு கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதால், வாடிக்கையாளர் ‘கொஞ்சம் கூட’, ‘கொஞ்சம் குறைச்சு’ என்று கேட்கும் வேலைகளில் இதுவே நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழி.

2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் போன்ற புதிய கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. சுருக்க வடிவத்தில் ஒவ்வொரு கட்டமும் எஸ்டிஎக்ஸ்எல்லில் 4 எண்களைத்தான் சுமந்தது, ஃப்ளக்ஸில் 16. அதனால் சின்னக் குழாயின் விளிம்பும் ஓரளவு தப்பிக்கிறது. நீண்ட வாக்கியங்களைப் படிக்கும் டி5 என்ற பகுதியும் அதில் இருப்பதால், ‘கண்ணாடிக்குப் பின்னால்’, ‘வலதுபக்கச் சுவரில்’ போன்ற இடக்குறிப்புகள் நன்றாகவே ஏறுகின்றன. காற்புள்ளிப் பட்டியலைவிட முழு வாக்கியங்களே அதற்குப் பொருத்தம். ஆனால் அதன் டெவ் வகையில், வழக்கமான அமைப்பில், எதிர்மறைப் பெட்டி வேலை செய்யாது. ஹோஸ் வேண்டாம் என்றால் சுவருக்குள் மறைந்த குழாயும் கூரை ஷவரும் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதான். மிட்ஜர்னியில் எதிர்மறைக்கு `--no` என்ற குறி உண்டு. `--no hose, towels` என்று கடைசியில் சேர்க்கலாம். கருவி எதுவானாலும் தூரத்துச் சுவரில் ஆவிக்குள் நிற்கும் குரோம் குழாயைக் கேட்டால் கணக்கு ஏறத்தாழ அதேதான். புதியவற்றில் அது சற்றுத் தாமதமாக உருகுகிறது.